டவரா, வைஃபையா? வீட்டுக்குள் அழைப்பு போகும் இரண்டு வழிகள்

சென்னையில் ஐந்து மாடி அடுக்ககம் ஒன்றின் முதல் தளத்து வீட்டை எடுத்துக்கொள்வோம். பால்கனியில் நின்று பேசினால் குரல் கணீரென்று போகிறது. கூடத்துக்குள் வந்தால் அவ்வப்போது விட்டுவிட்டுக் கேட்கிறது. இரண்டு சுவர்களைத் தாண்டி உள்ளறைக்குப் போனால், "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்பதைத் தவிர வேறு எதையும் பேச முடியவில்லை. வீட்டில் ஃபைபர் இணையம் இருக்கிறது, படம் தடங்கலில்லாமல் ஓடுகிறது, ஆனால் சாதாரண அழைப்பு மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது. இப்படிப்பட்ட வீடுகளுக்காகவே கைபேசி அமைப்புகளுக்குள் Wi-Fi calling என்று ஒரு பொத்தான் இருக்கிறது. ஆனால் அதைப் போட்டுவிட்டாலே எல்லாம் சரியாகிவிடாது. எந்த அறையில் எந்த வழி உதவும் என்பதை முதலில் அளந்து பார்க்க வேண்டும்.

அளப்பது எளிது. ஆண்ட்ராய்டு கைபேசியில் Settings, About phone, SIM status என்று போனால் Signal strength என்ற இடத்தில் ஓர் எண் இருக்கும். சில கைபேசிகளில் இதே விவரம் வேறு பெயரில் சற்று உள்ளே இருக்கலாம். ஐபோனில் `*3001#12345#*` என்று அழைத்தால் சோதனைத் திரை திறக்கும். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறியும், பின்னால் dBm என்ற அலகும் இருக்கும். 4ஜியில் -90 என்றால் நல்ல சிக்னல். -105ஐத் தாண்டினால் மெலிந்துவிட்டது என்று பொருள். -115க்குக் கீழே போனால் அழைப்பு நிற்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. திரையின் மேலே தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறது.

நம் அடுக்ககத்தில் பால்கனியில் -95, கூடத்தில் -108, உள்ளறையில் -121 என்று வைத்துக்கொள்வோம். பத்து எண் இறங்கினால் சிக்னலின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். அப்படியானால் பால்கனிக்கும் உள்ளறைக்கும் இடையிலுள்ள 26 எண் வித்தியாசம், ஆற்றல் ஏறத்தாழ 400ல் ஒரு பங்காகிவிட்டதைக் குறிக்கிறது. கம்பி போட்ட கான்கிரீட் சுவர்கள் செய்த வேலை இது. வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடி இன்னும் மோசம். வெளியே டவர் கண்ணுக்கெதிரே தெரிந்தாலும், புதிய கண்ணாடி அலுவலகங்களுக்குள் சிக்னல் படுத்துவிடுவது இதனால்தான். அலைவரிசைக்கும் இதில் பங்குண்டு. 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை சுவரை ஓரளவு ஊடுருவும். 2300 மெகாஹெர்ட்ஸ் அந்த அளவுக்கு ஊடுருவாது. ஒரே அறையில் கணவரின் சிம் வேலை செய்ய, மனைவியின் சிம் திணறுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இன்னொரு விஷயம் பலரைக் குழப்புகிறது. எதிர்முனையில் இருப்பவர் பேசுவது நமக்குக் கேட்கிறது, நாம் பேசுவது அவருக்குக் கேட்பதில்லை. டவர் பல வாட் ஆற்றலில் ஒலிபரப்புகிறது. நம் கைபேசியால் அதிகபட்சம் 0.2 வாட் அளவுக்குத்தான் அனுப்ப முடியும். சுவர் இரு திசையிலும் ஒரே அளவு தடுத்தாலும், முதலில் தோற்பது கைபேசியின் பக்கம்தான். "நீங்க பேசுறது விட்டு விட்டு வருது" என்று எதிர்முனையில் சொல்கிறார்கள், நமக்கோ அவர் குரல் தெளிவாக இருக்கிறது என்றால், கோளாறு பெரும்பாலும் நாம் நிற்கும் அறையில் இருக்கிறது.

இனி இரண்டு வழிகளையும் பார்க்கலாம். வோல்டிஇ என்பது 4ஜி வலையமைப்பின் வழியாகவே குரலை அனுப்பும் முறை. இந்தியாவில் 2016 செப்டம்பரில் ஜியோ முழுக்க முழுக்க இதை நம்பியே சேவை தொடங்கியது. அந்த நிறுவனத்துக்கு 2ஜியோ 3ஜியோ கிடையாது. 4ஜி கிடைக்காத மூலையில் ஜியோ சிம்முக்கு இறங்கிச் செல்ல வேறு படி இல்லை. 2ஜி வைத்திருக்கும் நிறுவனங்களின் சிம், 4ஜி மெலியும்போது 2ஜிக்கு இறங்கி அழைப்பைக் காப்பாற்றப் பார்க்கும். வோல்டிஇயின் பெரிய பலம் முன்னுரிமை. அழைப்பு தொடங்கியதும் வலையமைப்பு அந்தக் குரலுக்கென்று தனிப் பாதை ஒதுக்குகிறது, நெரிசலில் ஆம்புலன்ஸுக்கு வழி விடுவதைப் போல. அதே டவரில் நூறு பேர் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாலும் குரல் அவ்வளவாகத் தடுமாறாது. வாட்ஸ்அப் அழைப்புக்கு இந்தச் சலுகை கிடையாது.

வைஃபை அழைப்பு டவரை விட்டுவிட்டு வீட்டு இணையத்தைப் பிடித்துக்கொள்கிறது. கைபேசி உங்கள் ரவுட்டர் வழியாக, சிம் நிறுவனத்தின் நுழைவாயில் கணினி ஒன்றுடன் மறையாக்கம் செய்த சுரங்கப் பாதையை அமைக்கிறது. சிம்மை வைத்தே தன் அடையாளத்தை நிரூபிக்கிறது. அதன்பின் போகும் அழைப்பு, டவர் வழியாகப் போவதைப் போலவே உங்கள் வழக்கமான எண்ணிலிருந்து போகிறது. எதிர்முனையில் சாதாரண பட்டன் போன் இருந்தாலும் மணி அடிக்கும். இதற்கென்று தனிச் செயலி வேண்டாம். உள்நாட்டு அழைப்புக்குத் தனிக் கட்டணமும் இல்லை, உங்கள் திட்டத்திலேயே அடங்கும். இந்தியாவில் ஏர்டெல் 2019 டிசம்பரில் டெல்லி வட்டாரத்தில் இதைத் தொடங்கியது. ஜியோ 2020 ஜனவரியில் தொடங்கியது. நிமிடத்துக்குச் செலவாகும் இணையம் ஏறத்தாழ ஒரு எம்பிதான், ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர் அதைக் கணக்கில் கொள்ளவே தேவையில்லை.

வைஃபை அழைப்பின் பலவீனம் எங்கே இருக்கிறது? குரலுக்கு அங்கே ஒதுக்கப்பட்ட பாதை இல்லை. வீட்டில் ஒருவர் பெரிய வீடியோவை மேலேற்றிக்கொண்டிருந்தால், மேலேற்றும் வேகம் குறைவான இணைப்பில் குரல் பொட்டலங்கள் வரிசையில் காத்துக் கிடக்கும். இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்துகிறார்கள் என்றால் அது தாமதத்தின் அறிகுறி. அந்த நேரத்தில் வீட்டில் யார் என்ன மேலேற்றுகிறார்கள் என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

உள்ளறையில் வைஃபை அழைப்பு உண்மையில் வேலை செய்கிறதா என்று அறிய ஒரு தெளிவான சோதனை உண்டு. Airplane mode-ஐப் போடுங்கள். டவர் தொடர்பு அறுந்துவிடும். பிறகு வைஃபையை மட்டும் ஆன் செய்து, ஒரு நிமிடம் பொறுத்து, யாரையாவது சாதாரணமாக அழையுங்கள். அழைப்பு போனால் வைஃபை வழி திறந்திருக்கிறது. போகவில்லை என்றால் பொத்தான் போட்டதாகத் தெரிந்தாலும் சுரங்கப் பாதை அமையவில்லை. அழைப்பு போய், குரல் மட்டும் நொறுங்கினால் குறை அந்த அறையின் வைஃபையில் இருக்கலாம். நம் அடுக்ககத்தில் ரவுட்டர் கூடத்து வாசல் பக்கம் இருக்கிறது. உள்ளறையில் கைபேசி 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை -78 அளவில் பிடித்துத் தொங்குகிறது. குரலுக்கு -67 அல்லது அதைவிட நல்ல எண் வேண்டும். ரவுட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் பெயருக்கு மாறினால் வேகம் குறையும், ஆனால் சுவரைத் தாண்டும் வலு கூடும். குரலுக்கு வேகம் பெரிதாகத் தேவையில்லை என்பதால் இந்த மாற்றத்தில் இழப்பே இல்லை.

உண்மையான தொல்லை கூடத்தில்தான். உள்ளறையில் டவர் சிக்னல் செத்தே கிடப்பதால் கைபேசி தயங்காமல் வைஃபைக்குப் போய்விடும். -108இல் அது தயங்குகிறது. டவரும் முழுதாகப் போகவில்லை, வைஃபையும் கையில் இருக்கிறது. பல கைபேசிகள் இந்த அளவில் டவரையே பிடித்துக்கொண்டிருக்கும், மெலிந்த பின்னர்தான் விடும். அந்த இடைவெளியில் குரல் சிதறுகிறது. சில ஆண்ட்ராய்டுகளில் Wi-Fi calling பக்கத்துக்குள் Calling preference என்று ஒரு தேர்வு இருக்கும். அதில் வைஃபைக்கு முதலிடம் கொடுத்துவிட்டால், வீட்டுக்குள் இருக்கும்வரை தயக்கம் தீரும்.

வெளியே போகும்போது என்ன ஆகும்? வோல்டிஇயும் ஆனில் இருந்தால் பேச்சு நடுவிலேயே வைஃபையிலிருந்து டவருக்கு மாறும், பேசுபவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் அப்படி மாற இரண்டு சிக்னலும் சற்று நேரம் ஒன்றாகக் கிடைக்க வேண்டும். பேசிக்கொண்டே நேராக லிஃப்டுக்குள் நுழைந்தால் வைஃபை போய்விடும், உலோகப் பெட்டிக்குள் டவரும் கிடைக்காது, அழைப்பு அறுந்துவிடும். பால்கனிப் பக்கம் வந்து சில நொடி நின்றுவிட்டுப் படியில் இறங்கினால் தப்பிக்கலாம். வைஃபை அழைப்பைப் போட்டுவிட்டோம், இனி வோல்டிஇ எதற்கு என்று அதை அணைத்துவிடுவது தவறு.

அலுவலகங்களிலும் கல்லூரி விடுதிகளிலும் வேறொரு கதை. வைஃபை வேகமாக இருக்கும், வாட்ஸ்அப் ஓடும், ஆனால் வைஃபை அழைப்பு மட்டும் வராது. வீட்டில் வேலை செய்யும் அதே கைபேசி அங்கே வேலை செய்யவில்லை என்றால், அந்த வலையமைப்பின் தடுப்புச்சுவர் சுரங்கப் பாதையை மறிக்கிறது என்று ஊகிக்கலாம். இந்தப் பாதை யுடிபி 500, 4500 என்ற இரண்டு வாயில்களைப் பயன்படுத்துகிறது. கணினிப் பிரிவினரிடம் "சிக்னல் இல்லை" என்று பொதுவாகப் புகார் சொல்வதைவிட, இந்த இரண்டு எண்களைச் சொல்லி வெளியே போகும் பாதையைத் திறக்கக் கேட்டால் வேலை சீக்கிரம் முடியும்.

மின்வெட்டு வந்தால் நிலைமை தலைகீழ். ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் அணைந்த நொடியிலேயே வைஃபை வழி மூடிவிடும். டவருக்கு மின்கலமோ ஜெனரேட்டரோ இருப்பதால் பால்கனியில் வோல்டிஇ தொடர்ந்து கிடைக்கும். உள்ளறையில் கைபேசி எந்த வழியிலும் கிடைக்காமல் போகும். முதியவர் ஒருவர் அந்த அறையில் தனியாக இருக்கிறார் என்றால் இதை அலட்சியம் செய்யக் கூடாது. ரவுட்டருக்கென்றே விற்கும் சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் ஒன்றை ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து இணைத்துவிட வேண்டும். ஒன்றுக்கு மட்டும் மாட்டினால் பயனில்லை. அவசரத்துக்கு 112 எண்ணை அழைக்கும்போது, இருக்கும் முகவரியை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடச் சொல்லிக்கொடுங்கள். வைஃபை வழியாகப் போகும் அழைப்பில் இருப்பிடம் சரியாகத் தெரியும் என்று நம்பியிருக்க முடியாது.

இணையத்தில் விற்கும் "சிக்னல் பூஸ்டர்" வாங்கி மொட்டை மாடியில் மாட்டலாமே என்று அடுக்ககச் சங்கங்களில் யாராவது சொல்வார்கள். அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் இந்தியாவில் சட்டப்படி குற்றம். அது டவருக்குத் திருப்பி அனுப்பும் இரைச்சல் தெருவிலுள்ள மற்றவர்களின் அழைப்புகளையும் கெடுக்கும். கட்டடத்துக்குள் சிறு ஆன்டெனாக்கள் அமைக்கும் வேலையைச் சிம் நிறுவனத்தைக் கொண்டுதான் செய்ய வேண்டும். கட்டடங்களின் தொலைத்தொடர்பு வசதிக்கு மதிப்பீடு வழங்க டிராய் 2024இல் விதிமுறைகளையும் கொண்டுவந்திருக்கிறது. நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில், எந்தத் தளம், எந்த அறை, எந்த சிம், எத்தனை dBm என்று நான்கு பத்திகள் கொண்ட அட்டவணையை இணைத்தால், பொறியாளர் வந்து பார்க்கும்போது எங்கிருந்து தொடங்குவது என்பது அவருக்கு உடனே தெரிந்துவிடும்.