பன்னிரண்டு புடவை, ஒரே முகம்

தீபாவளிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே ஜவுளிக்கடை விளம்பரங்களுக்கான ஷூட்டிங் தொடங்கிவிடும். ஒரே மாடல், பன்னிரண்டு புடவை. பத்திரிகையில் முழுப் பக்கம், சாலையில் ஹோர்டிங், கடை வாசலில் ஆளுயரப் படம், கைபேசியில் சதுரப் படம் என்று எங்கே பார்த்தாலும், லோகோவைப் படிக்காமலேயே ‘இது அந்தக் கடை’ என்று தெரிய வேண்டும். கடைக்காரர் காசு கொடுப்பதே அதற்குத்தான். ஆனால் பல சமயம் கைக்கு வரும் படங்களை வரிசையாக வைத்தால், ஒரே புடவை ஒரு படத்தில் நீலம், அடுத்ததில் பச்சை. மாடலின் முகமோ படத்துக்குப் படம் வெளுத்துக்கொண்டே போகிறது.

மயில் கழுத்தின் கதை

சிக்கல் எங்கே பிறக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு மயில் கழுத்து கலர் பட்டு போதும். பாவு ஒரு கலர், ஊடை வேறு கலர். நீலமும் பச்சையும் சேர்த்து நெய்தது. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்பதைப் பொறுத்து நீலம் தூக்கலாகத் தெரியும், அல்லது பச்சை. லைட்டை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாற்றிவிட்டால் கேமராவுக்கு அது வேறு புடவைதான். அப்புறம் கம்ப்யூட்டரில் சரிசெய்யலாம் என்றால், மடிப்புக்கு மடிப்பு கலர் மாறுவதுதானே அந்தப் பட்டின் அழகு? மொத்தமாக நீலத்தை ஏற்றினால் மடிப்பு செத்துவிடும்.

சென்னையில் நீண்ட காலமாக ஸ்டுடியோ நடத்தும் ஒரு போட்டோகிராபர் இதற்கு வைத்திருக்கும் கருவி ஒரு பந்து நூல். லைட்டுக்கு முன்னால் கட்டும் சாப்ட்பாக்ஸின் ஓரத்தில் நூலின் ஒரு முனையை முடிச்சுப் போட்டிருக்கிறார். ஒவ்வொரு முறை புடவை மாற்றியதும் உதவியாளர் மறு முனையை இழுத்து மாடலின் தாடை வரை பிடிக்கிறார். “தம்பி, நூல் தொங்குது பாரு. லைட்டை அரையடி பின்னால தள்ளு” என்கிறார் போட்டோகிராபர். மாடல் நிற்கும் இடம், லைட் ஸ்டாண்டின் மூன்று கால், கேமராவின் டிரைபாட் எல்லாவற்றுக்கும் தரையில் டேப் ஒட்டியிருக்கிறது.

அரையடிக்கா இத்தனை பாடு? நாலடி தூரத்தில் இருக்கும் லைட் அரையடி அரையடியாக நகர்ந்து ஐந்தரை அடிக்குப் போனால் முகத்தில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். தூரம் கூடினால் நிழலின் ஓரமும் கூர்மையாகும். முதல் படத்தில் மூக்கோரம் மெத்தென்று விழுந்த நிழல், ஐந்தாவது படத்தில் கோடு போட்ட மாதிரி விழும். பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ‘இது வேற செட்டு’ என்று மட்டும் கண் சொல்லிவிடும்.

கேமராவிலும் இதே கறார்தான். எதையும் ஆட்டோவில் விடுவதில்லை. அரக்குச் சிவப்புப் புடவை பிரேமை நிறைத்தால், வெளிச்சமே சிவப்பாக இருக்கிறது என்று ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் ஏமாந்து, படத்தை நீலப் பக்கம் இழுத்துவிடும். அதனால் பிளாஷுக்கு ஏற்ப 5500 கெல்வின் என்று பூட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு புடவைக்கும் முதல் கிளிக்கில் மாடலின் கையில் சாம்பல் அட்டை இருக்கும். பின்னால் கலர் பார்ப்பவர் அந்த அட்டையைத் தொட்டு, நடுநிலைச் சாம்பல் எது என்று கம்ப்யூட்டருக்குக் காட்டி, அதே திருத்தத்தை அந்த வரிசை முழுவதுக்கும் போடுவார்.

ஸ்டுடியோவை விட்டு செட்டிநாட்டு வீட்டு முற்றத்துக்குப் போனால் கதை மாறும். வெயில் நகர்ந்துகொண்டே இருக்கும். சிவப்புத் தரையில் பட்ட வெளிச்சம் கீழிருந்து எழும்பி, தாடைக்கு அடியில் செம்மை பூசும். படத்துக்குள் தரை தெரியாத இடமாகப் பார்த்து வெள்ளைத் துணி விரிப்பார்கள். தெர்மாகோல் பலகையை மாடலின் பக்கத்தில் நிறுத்தி வெள்ளை வெளிச்சத்தைத் திருப்புவார்கள். ஆனாலும் காலை பத்து மணிப் படமும் மாலை ஐந்து மணிப் படமும் ஒட்டாது. ஒரே பிரசாரத்தில் வர வேண்டிய படங்களை ஒரே நேரத்து வெளிச்சத்தில் எடுத்துவிட்டு, மிச்சத்தை மறுநாள் அதே நேரத்துக்குத் தள்ளுவதுதான் வழி.

‘ஒரே பில்டரைப் போட்டு, ஒரே எழுத்துருவை வைத்தால் தானாக ஒரே தோற்றம் வந்துவிடும்’ என்று சொல்லும் டிசைனர்களும் உண்டு. வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த படங்கள் மீது ஒரே பில்டர் விழுந்தால், வித்தியாசமும் அப்படியே கூடவே வரும்.

வெளுக்கும் முகம்

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்த பிறகும் கெட்டுப்போவது ஒன்று உண்டு: மாடலின் தோல் நிறம். ‘ஒரே தோற்றம்’ என்ற பேச்சில் புடவை, பின்னணி, லோகோ எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. முகத்துக்கு மட்டும் கணக்கு இல்லை.

முதல் தப்பு கேமராவில்: ஆட்டோவில் விடாவிட்டாலும், அதன் மீட்டர் காட்டுவதையே நம்பி வைப்பது. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கவே பார்க்கும். சந்தனக் கலர் புடவை என்றால் படத்தை இருட்டாக்கும், முகமும் கறுக்கும். அரக்குப் புடவையும் தேக்குக் கதவும் என்றால் படத்தை வெளிச்சமாக்கும், முகமும் வெளுக்கும். ஒரே பெண், ஒரே நாள், இரண்டு நிறம். முகத்தருகே கைமீட்டரைப் பிடித்து, விழும் வெளிச்சத்தை அளந்து, அந்த அளவையே மேனுவலில் வைத்தால் இது நடக்காது.

இரண்டாவது தப்பு ரீடச்சிங்கில். பன்னிரண்டு படத்தை மூன்று பேர் பிரித்துக்கொள்கிறார்கள். ஆளாளுக்கு ‘கொஞ்சம் பளிச்சுன்னு’ ஏற்றுகிறார்கள். ஒவ்வொருவர் ஏற்றியதும் கொஞ்சம்தான். சேர்த்து வைத்தால்தான் தெரியும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். முகத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். முகத்தை வெளுக்க வைத்தவர் முன்கையையும் காது மடலையும் பெரும்பாலும் மறந்திருப்பார். மூக்குத்தியின் தங்கமும் வெளிறி, பித்தளை மாதிரி இருக்கும். இன்னும் உறுதி வேண்டுமென்றால், கன்னத்தில் மினுமினுப்பு விழாத ஓர் இடத்தைக் கலர் பிக்கரால் தொட்டு, எல்லாப் படத்திலும் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். உதாரணத்துக்கு, முதல் படத்தில் சிவப்பு 165, பச்சை 115, நீலம் 88 என்று இருந்தது எட்டாவது படத்தில் 205, 162, 138 ஆகியிருந்தால், யாரோ பிரஷ் போட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

அளவுகோலே வெள்ளையாக இருந்த காலமும் உண்டு. 1950-கள் முதல் மேல்நாட்டு கலர் லேப்களில் தோல் நிறத்தைச் சரிபார்க்க ‘ஷெர்லி கார்டு’ என்ற படத்தை வைத்திருந்தார்கள். அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண். மற்ற நிறத்தவர் அந்த அளவுக்குள் சரியாக விழவில்லை. இன்று நம் கையில் இருக்கும் கேமராவுக்கும் திரைக்கும் மாநிறத்தை அப்படியே காட்டும் திறன் இருக்கிறது. அதை மீறி வெளுக்க வைப்பது நம் கைதான்.

அச்சில் ஓரளவு மாற்றம் தவிர்க்க முடியாதது. செய்தித்தாள் காகிதமே பழுப்பு. மை அதில் பரவி, படம் இருண்டு வரும். திரையில் மின்னும் நீலம் நான்கு வண்ண அச்சில் ஊதாப் பக்கம் சாயும். அதற்கு ஒவ்வொரு காகிதத்துக்கும் புரூப் எடுத்துத் திருத்தலாம். அச்சில் கறுத்துவிடும் என்று பயந்து மூலப் படத்திலேயே முகத்தை வெளுக்க வைத்தால், ஹோர்டிங்கிலும் கைபேசியிலும் போவது அந்த வெளுத்த முகம்தான்.

எனவே கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். படங்களை வாட்ஸ்ஆப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். பன்னிரண்டையும் அச்செடுத்து, சாம்பல் அட்டையோடு எடுத்த முதல் படத்தையும் பக்கத்தில் வைத்து, ஒரே மேஜையில் பரப்புங்கள். எல்லாப் படத்திலும் முகமும் முன்கையும் ஒரே நிறமாக இருந்தால் மட்டும் அச்சுக்கு அனுப்புங்கள்.