ஷாஃப்ட் முறிவது மூலையில்தான்

1842 மே 8ஆம் தேதி, வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிக்கொண்டிருந்த ரயிலின் இன்ஜின் அச்சு வழியில் முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்ததில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நீண்டநாள் அதிர்வால் இரும்பின் உள்ளமைப்பே மாறி அச்சு முறிகிறது என்பது அன்று பலரின் நம்பிக்கை. ஸ்காட்லாந்துப் பொறியாளர் வில்லியம் ராங்கின் முறிந்த அச்சுகளை ஆராய்ந்து, 1843இல் வேறு காரணம் சொன்னார். தடித்த பகுதி சட்டென்று மெலியும் கூர்மூலையில் விரிசல் தொடங்கி, சிறிது சிறிதாக உள்ளே வளர்கிறது. அந்த மூலையை வளைவாகக் கடைந்தால் அச்சு நீண்டநாள் உழைக்கும் என்றார். இன்று அந்த வளைவைத்தான் ‘ஃபில்லெட்’ என்கிறோம்.

துணிக்கடைக்காரர் ஓரத்தில் கத்தரியால் சிறிதாக வெட்டிவிட்டு, இரு கையாலும் இழுத்துத் துணியைக் கிழிப்பார். முழுத்துணி தாங்கும் இழுவிசை அந்த வெட்டின் நுனியில் வந்து குவிவதால்தான் அது எளிதில் கிழிகிறது. ஷாஃப்டின் படியிலும் பள்ளத்திலும் இதுவே நடக்கிறது. சுமை வளைந்து செல்ல இடமில்லாத மூலையில் தகைவு பன்மடங்காகிறது. கணக்கில் வரும் சராசரித் தகைவைப் போல எத்தனை மடங்கு என்பதே தகைவுக் குவிவுக் காரணி.

ஓர் உதாரணம். 60 மில்லிமீட்டர் விட்டத்திலிருந்து 40 மில்லிமீட்டருக்கு இறங்கும் ஷாஃப்ட். படியருகே வளைவுச் சுமை 500 நியூட்டன் மீட்டர். மெலிந்த பகுதியில் சாதாரணக் கணக்குப்படி தகைவு 80 மெகாபாஸ்கல். மூலையின் ஆரம் 1 மில்லிமீட்டர் என்றால் காரணி சுமார் 2.4, அங்கே தகைவு 190ஐத் தாண்டும். ஆரத்தை 4 மில்லிமீட்டர் ஆக்கினால் காரணி 1.7ஆகக் குறைந்து, தகைவு 136க்கு இறங்கும். ஷாஃப்டின் விட்டமும் மாறவில்லை, எஃகும் மாறவில்லை.

நிலையான சுமை என்றால் மென்மையான எஃகு அந்த இடத்தில் சற்று நெகிழ்ந்து தப்பித்துவிடும். சுழலும் ஷாஃப்டுக்கு அந்தச் சலுகை இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் அதன் மேற்பரப்பு ஒருமுறை இழுபட்டு ஒருமுறை அழுந்துகிறது. நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடினால் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பத்து லட்சம் முறை. இப்படித்தான் சோர்வு விரிசல் பிறக்கிறது.

சோர்வுக் கணக்கில் காரணியை அப்படியே பெருக்குவதில்லை. மிகச் சிறிய வளைவின் முழுக் கடுமையையும் எஃகு உணர்வதில்லை. 600 மெகாபாஸ்கல் வலிமையுள்ள எஃகில் 2.4 என்பது ஏறக்குறைய 2 ஆகவும், 1.7 என்பது 1.6 ஆகவும் குறையும். அதாவது தகைவு முறையே 163, 127. மேற்பரப்பு, அளவு, நம்பகத்தன்மை ஆகியவற்றுக்குக் கழிவு போட்டபின் இந்த ஷாஃப்ட் தாங்கக்கூடிய எல்லை சுமார் 170. முதல் ஷாஃப்ட் விளிம்பில் நிற்கிறது. இரண்டாவதற்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இடம் இருக்கிறது. வலிமையான எஃகுக்கு மாறினால் போதும் என்று நினைப்பதும் ஆபத்து. எஃகு கடினமாக ஆக, கூர்மூலையின் கடுமையை அது முழுமையாக உணரத் தொடங்குகிறது.

அப்படியானால் எல்லா மூலைக்கும் 4 மில்லிமீட்டர் வைத்துவிடலாமே? பேரிங் குறுக்கே நிற்கும். 40 மில்லிமீட்டர் துளையுள்ள 6308 பேரிங்கைப் படியோடு ஒட்டி உட்கார வைக்க, ஃபில்லெட் 1.5 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. தாண்டினால் பேரிங் படியில் படியாமல் வளைவின்மேல் ஏறி நிற்கும். இடையில் உள்விளிம்பு சாய்த்த வளையம் ஒன்றைப் போட்டு, வளைவை அதன் அடியில் மறைப்பது ஒரு வழி. படியின் பக்கவாட்டு முகத்துக்குள் வளைவைக் குடைந்து எடுப்பது இன்னொன்று.

பட்டறையில் தவறு நேர்வது பெரும்பாலும் டிராயிங்கில் ஆரம் எழுதப்படாதபோதுதான். அப்போது லேத்தில் உள்ள கருவியின் முனை ஆரமே மூலையின் ஆரமாகிவிடும். அது 0.4 மில்லிமீட்டர் என்றால் நம் ஷாஃப்டில் காரணி 3ஐத் தொட்டுவிடும். ஃபில்லெட்டில் கருவி விட்டுச்சென்ற கீறலும் புதிய மூலைதான்.

முறிந்த துண்டே காரணத்தைச் சொல்லிவிடும். மூலையிலிருந்து தொடங்கும் வழவழப்பான பரப்பில், கடற்கரை மணலில் அலை விட்ட தடம்போன்ற வரிகள் தெரிந்தால், விரிசல் நாள்பட வளர்ந்திருக்கிறது. கடைசியாக ஒரே நொடியில் முறிந்த பகுதி மட்டும் சொரசொரப்பாக இருக்கும். அந்தத் துண்டைப் பழைய இரும்போடு போட்டுவிட்டு அதே அளவில் இன்னொரு ஷாஃப்ட் கடைய வேண்டாம். முதலில் ரேடியஸ் கேஜை அந்த மூலையில் வைத்துப் பாருங்கள். புது டிராயிங்கில் ஆரத்தையும் மேற்பரப்பு மென்மையையும் எண்ணாக எழுதிவிட்டு, அதன் பிறகு கடையுங்கள்.