கேக் எத்தனை கிலோ, ஐஸ்க்ரீம் எத்தனை கப்?

பிறந்தநாள் கேக் சொல்ல பேக்கரிக்குப் போனால் முதலில் கேட்பது, "எத்தனை பேர் வர்றாங்க?" என்பதுதான். ஐம்பது பேர் என்றால், "தலைக்கு நூறு கிராம் வச்சுக்கங்க, அஞ்சு கிலோ" என்று பதில் வரும். ஐஸ்க்ரீம் கடையில் தலைக்கு ஒரு கப், கூடப் பத்து. ஸ்வீட் கடையில் தலைக்கு இரண்டு. மூவர் கணக்கும் தனித்தனியே சரிதான். ஆனால் அன்று மாலை இந்த மூன்றையும் சாப்பிடப்போவது ஒரே வயிறு. சமோசாவும் சிப்ஸும் அதோடு சேரும். ஐந்து கிலோ கேக்கில் பாதி மறுநாள் குளிர்பெட்டியில் அடைந்து கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

குழந்தைகள் கேக்கை எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேலே இருக்கும் செர்ரியும் சாக்லேட் துருவலும் முதலில் போகும், அப்புறம் நாலு வாய், அதற்குள் பலூன் பக்கம் ஓட்டம். ஐந்து வயதுக்குக் கீழே நாற்பது, ஐம்பது கிராமே போதும். ஆறிலிருந்து பத்து வயது வரை அறுபது கிராம். அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெரியவர்களாகவே கணக்கில் சேர்க்கலாம்; இவர்கள் இரண்டாவது முறை கேட்பது பெரும்பாலும் ஐஸ்க்ரீமைத்தான். பெரியவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள், முட்டை சேர்க்காதவர்கள், "எனக்குச் சின்னதா போதும்மா" என்பவர்கள் என்று கழித்தால், சராசரியாக நாற்பது கிராம்.

ஒரு வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அடுக்ககம், ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி, பெண் குழந்தைக்கு ஆறாவது பிறந்தநாள். வகுப்பிலும் குடியிருப்பிலுமாக அழைத்தது 24 குழந்தைகளை. இந்த வயதில் குழந்தையைத் தனியே அனுப்ப மாட்டார்கள். அம்மா வருவார், தம்பி தங்கையும் கூட வருவார்கள். கடைசி நேரத்தில் காய்ச்சல், ஊருக்குப் போய்விட்டோம் என்று சிலர் குறைவார்கள். இரண்டு நாள் முன்பே வாட்ஸ்அப்பில் "யார் யார் வர்றீங்க, சின்னவங்களும் சேர்த்துச் சொல்லுங்க" என்று கேட்டு வாங்கியதில், தம்பி தங்கைகளையும் சேர்த்துக் குழந்தைகள் 22, வீட்டாரோடு சேர்த்துப் பெரியவர்கள் 26 என்று முடிந்தது. மொத்தம் 48 பேர்.

குழந்தைகளுக்கு அறுபது கிராம் வீதம் 1320 கிராம். பெரியவர்களுக்கு நாற்பது வீதம் 1040. சேர்த்தால் 2360 கிராம். ஆக, இரண்டரை கிலோ கேக் தாராளம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. யூனிகார்ன், டைனோசர் என்று உருவம் வைத்துச் செய்யும் தீம் கேக்கில் எடையின் ஒரு பகுதி ஃபாண்டன்ட் என்ற சர்க்கரைப் பசைக்குப் போய்விடுகிறது. அந்தப் பொம்மையைக் குழந்தைகள் கையில் வாங்கிக்கொள்வார்கள், ஒரு கடி கடித்துவிட்டு வைத்துவிடுவார்கள். ஒரு கிலோ தீம் கேக்கில் உண்மையில் சாப்பிடக் கிடைப்பது அறுநூறு, எழுநூறு கிராம் என்று வைத்துக்கொள்வது நல்லது. விலையோ சாதாரணக் கேக்கைவிடப் பல மடங்கு. அதனால் மேசைக்கு ஒரு கிலோ தீம் கேக், சமையலறைக்கு அதே சுவையில் அலங்காரம் இல்லாத இரண்டு கிலோ செவ்வகக் கேக் என்று பிரித்து வாங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது. செவ்வகக் கேக்கை ஒரு பக்கம் ஏழு, மறுபக்கம் ஐந்து என்று கோடு போட்டு வெட்டினால் 35 துண்டு. ஒவ்வொன்றும் 57 கிராம் வரும். மேசைக் கேக்கில் இன்னொரு பன்னிரண்டு துண்டு. வட்டக் கேக்கை முக்கோணமாக வெட்டினால் துண்டு தானாகவே பெரிதாகிவிடும். அதையும் பட்டை பட்டையாக வெட்டிக் குறுக்கே நறுக்குங்கள். விருந்து முடிந்ததும் தட்டுகளைப் பார்த்தால் தெரிந்துவிடும். பாதி தின்ற துண்டுகளே நிறைய இருந்தால் துண்டு பெரிதாகிவிட்டது என்று பொருள். அடுத்த முறை சிறிதாக வெட்டினாலே போதும்.

ஐஸ்க்ரீமைக் கிலோவில் நினைக்கக் கூடாது. அது லிட்டரில் விற்பது, அதில் பெரும்பங்கு காற்று. ஒரு லிட்டர் ஐஸ்க்ரீம் குறைந்தது 525 கிராம் எடை இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அதாவது லிட்டருக்கு அரைக் கிலோவை ஒட்டித்தான். கரண்டியால் அள்ளும்போது அந்தக் காற்றிலும் கொஞ்சம் நசுங்கிப் போகிறது. அதனால் காகிதத்தில் 65 மில்லி வீதம் 60 ஸ்கூப் தர வேண்டிய நாலு லிட்டர் டப்பா, வீட்டில் நாற்பது, நாற்பத்தைந்தோடு நின்றுவிடும். நம் 48 பேருக்கு அது ஒரு சுற்றுக்கே இழுபறி. அதோடு 22 குழந்தைகள் சுற்றி நிற்க ஒருவர் அள்ளிப் போட்டு முடிப்பதற்குள், மே மாத வெயிலில் டப்பாவின் ஓரமெல்லாம் பாயசமாகிவிடும். அப்படி இளகியதை மறுபடி உறையவைத்தால் மணல் மணலாக, ஐஸ் கட்டி நெருடும். திறந்து வெளியே கிடந்ததைக் குழந்தைகளுக்குக் கொடுப்பதும் நல்லதல்ல.

ஆகவே 50 மில்லி கப்புகள். குழந்தைகளுக்குத் தலைக்கு ஒன்றரை, அதாவது 33. பெரியவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் எடுப்பார்கள், 17. மொத்தம் 50. சுவையை வெனிலா, சாக்லேட் என்று இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஐந்து வகை வாங்கினால் எல்லாரும் சாக்லேட்டையே கேட்பார்கள், தீர்ந்ததும் அழுகை. ஐம்பது கப் இருந்தும் போதாததுபோல் ஆகிவிடும். வீட்டு உறைபெட்டியில் இத்தனை கப்புக்கு இடமிருக்காது. கடையில் தெர்மக்கோல் பெட்டி கேளுங்கள். இல்லாவிட்டால் ஒரு பெரிய பாத்திரத்தில் ஐஸ் கட்டியும் கைப்பிடி கைப்பிடியாகக் கல்லுப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, கப்புகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி நடுவில் புதையுங்கள். உப்பு சேர்ந்த ஐஸ், வெறும் ஐஸைவிட நன்றாகக் குளிர்ந்திருக்கும்.

கேக்கும் ஐஸ்க்ரீமும் இருக்கும்போது குழந்தைகள் தட்டில் இன்னொரு இனிப்பு வேண்டாம். பெரியவர்களுக்கு மட்டும் ஆளுக்கு ஒன்று, கூட நாலைந்து: முப்பது லட்டு. கடையில் கிலோ என்று சொல்லாமல், "கிலோவுக்கு எத்தனை நிக்கும்?" என்று கேளுங்கள். அளவு கடைக்குக் கடை மாறும். முப்பது நிற்கும் சின்ன லட்டாகப் பார்த்தால் ஒரு கிலோவில் முடிந்துவிடும்.

பற்றாமல் போய்விடுமோ என்ற பயத்தில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான் வழக்கம். கூட்டுவதை ஒரே பொருளில் கூட்டுங்கள், அதுவும் கெடாத பொருளில். க்ரீம் கேக் குளிர்பெட்டியில் வைத்தாலும் ஓரிரு நாள்தான். ரசமலாய், பால் இனிப்புகளும் அப்படியே. லட்டும் மைசூர்பாகும் சில நாள் நிற்கும். மூடி திறக்காத, இளகாத ஐஸ்க்ரீம் கப் வாரக்கணக்கில் உறைபெட்டியில் இருக்கும். சொல்லாமல் பத்துப் பேர் கூடுதலாக வந்துவிட்டால் கேக்குக்காக ஓட வேண்டாம். துண்டை இன்னும் சிறிதாக்கி, ஐஸ்க்ரீமின் இரண்டாம் சுற்றைக் கொஞ்சம் தள்ளிப்போட்டால் சமாளித்துவிடலாம். ஐஸ்க்ரீம் சொல்லும்போதே, குளிர் விடாமல் வைத்திருக்கும் கப்புகளைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்றும் கேட்டுவையுங்கள். சில கடைகள் சம்மதிக்கும், முன்கூட்டியே பேசியிருந்தால்.

கேக் வெட்டியதும் காவலாளிக்கும் வீட்டு வேலைக்கு உதவுபவருக்கும் பக்கத்து வீட்டுக்கும் உரிய துண்டுகளை முதலிலேயே எடுத்து மூடி வைத்துவிடுங்கள். கணக்கில் 48 பேருக்கு 47 துண்டு வருகிறது. வேண்டாம் என்று சொல்லும் பெரியவர்களின் பங்கு இவர்களுக்குப் போகும்.