12ஆம் தேதி, பிற்பகல்

கடிதத்தில் மொத்தமே மூன்று வாக்கியங்கள். "நிர்வாகக் காரணங்களை முன்னிட்டுத் தாங்கள் தஞ்சாவூர் கிளையிலிருந்து திருநெல்வேலி கிளைக்கு மாற்றப்படுகிறீர்கள். 11.5.2023 அன்று புதிய கிளையில் பணியேற்க வேண்டும். நிறுவன விதிகளின்படி இடமாற்றப் படி வழங்கப்படும்." மே 8, திங்கட்கிழமை தேதியிட்டது. அதை எழுதியவன் நான்தான். நகைக்கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில், நிர்வாகப் பிரிவில் இருந்தேன். சுருக்கமாக, சுத்தமாக எழுதிவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

ஜூன் முதல் வாரம் போன் வந்தது. "சார், சம்பள சிலிப்புல 11, 12, 13 மூணு நாளும் ஆப்சென்ட்னு போட்டிருக்கு. முதல் ரெண்டு நாளும் நான் தஞ்சாவூர் ஆபீஸ்லதான் சார் பாக்கெட் எண்ணிக்கிட்டிருந்தேன்."

அவர் சொன்னது உண்மை. நகைக்கடன் கிளையில் பெட்டக அறைக்கு இரண்டு சாவி. ஒன்று மேலாளரிடம், மற்றொன்று உதவியாளரிடம். உதவியாளர் மாறிப்போனால் சாவியைக் கைமாற்றிவிட்டுக் கிளம்பிவிட முடியாது. அடகு நகைகள் இருக்கும் ஒவ்வொரு பாக்கெட்டையும் எடுத்து, சீல் உடையாமல் இருக்கிறதா, எண் பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, வந்திருக்கும் புது ஆளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நான் மூன்று நாள் கொடுத்திருந்தேன். புது ஆள் வந்து சேர்ந்ததே 10ஆம் தேதி மாலை. எண்ணி முடித்து இவரை விடுவிக்க 12ஆம் தேதி, வெள்ளிக்கிழமை மாலை ஆகிவிட்டது. சனிக்கிழமை பயணம், ஞாயிறு விடுமுறை, 15ஆம் தேதி திங்கள் காலை திருநெல்வேலியில் சேர்ந்துவிட்டார்.

இடையில் என் கடிதம் தன் வேலையைக் காட்டியிருந்தது. அதில் இருந்த ஒரே தேதி 11. அதை வைத்துத் தலைமை அலுவலகத்தில் அவர் பெயரைத் திருநெல்வேலிப் பட்டியலுக்கு மாற்றிவிட்டார்கள். 11ஆம் தேதி காலை தஞ்சாவூர் மெஷின் அவர் கைரேகையை ஏற்கவில்லை. திருநெல்வேலி மெஷினில் அவர் விரல் வைக்கவே இல்லை. கணக்குப்படி அவர் எங்குமே இல்லை. மாதச் சம்பளம் 27,900 ரூபாய். மே மாதத்துக்கு 31 நாள். நாளொன்றுக்கு 900 வீதம் 2,700 ரூபாய் போயிற்று.

கோளாறு எங்கே என்று பிறகு யோசித்தபோது தெரிந்தது. மாற்றல் கடிதத்தில் இரண்டு தேதி இருக்க வேண்டும். பழைய கிளை விடுவிக்கும் தேதி ஒன்று, புதிய கிளையில் சேரும் தேதி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் வரும் நாட்கள் பணியா, விடுப்பா என்பதையும் கடிதமே சொல்ல வேண்டும். முதல் தேதி சாவி, கல்லா, கணக்கு என்று அடுத்தவர் கையில் இருப்பதால், சேரும் நாளைக் காலண்டரில் ஆணி அடித்து வைப்பது தப்பு. "விடுவிக்கப்பட்ட நாளிலிருந்து இத்தனை நாட்களுக்குள்" என்று எழுதினால் பழைய கிளையில் ஏற்படும் தாமதம் ஊழியர் தலையில் விழாது.

மத்திய அரசு இதற்கு 1979இலேயே விதி எழுதி வைத்திருக்கிறது. ஊர் விட்டு ஊர் மாற்றலானால், தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்குள் என்றால் பணியேற்பதற்கு 10 நாள் அவகாசம். அந்த நாட்கள் பணியாகவே கணக்கிடப்படும், சம்பளமும் உண்டு. முற்பகலில் பொறுப்பை ஒப்படைத்தால் அன்றிலிருந்தே அவகாசம் தொடங்கும். பிற்பகலில் ஒப்படைத்தால் மறுநாளிலிருந்து. அரசு அலுவலகக் காகிதங்களில் தேதிக்குப் பக்கத்தில் முற்பகல், பிற்பகல் என்று எழுதுவதை வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அந்த ஒரு சொல் ஒரு நாள் சம்பளம்.

தனியார் நிறுவனங்களுக்கு இப்படிப் பொதுவான விதி கிடையாது. இடமாற்றப் படி கொடுத்தே ஆக வேண்டும் என்ற சட்டமும் இல்லை. நியமன ஆணையில் என்ன இருக்கிறது, நிறுவனத்தின் கொள்கை என்ன சொல்கிறது என்பதுதான் கணக்கு. ஆகவே "விதிகளின்படி வழங்கப்படும்" என்று நான் எழுதிய வரி, விதிப் புத்தகத்தைப் பார்த்தே இராத ஒருவருக்கு எதையும் சொல்லவில்லை.

அவருக்குக் கிடைத்தது 15,000 ரூபாய். தஞ்சாவூரிலிருந்து திருநெல்வேலி சுமார் 350 கிலோமீட்டர். சாமான் வண்டிக்கும் ஏற்றி இறக்கவும் 17,500. வீட்டில் நான்கு பேர் போய்ச் சேர 1,800. கணக்கில் 4,300 துண்டு விழுந்தது. அது பெரிய அடி இல்லை என்று அவரே சொன்னார். உண்மையான நெருக்கடி வீட்டு அட்வான்ஸில். புது வீட்டுக்காரர் 50,000 கேட்டார். பழைய வீட்டுக்காரர், வெள்ளையடிப்புக் கூலியைக் கழித்துக்கொண்டு மீதியை அடுத்த மாதம் தருவதாகச் சொன்னார். அட்வான்ஸ் திரும்பி வரும் பணம்தான், செலவு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு மாதத்துக்கு அரை லட்சம் கையில் வேண்டும். அவர் மனைவியின் நகையை வைத்தார், வேறொரு கம்பெனியில். எங்கள் கம்பெனியில் ஊழியர் அடகு வைக்கக் கூடாது என்று விதி. அந்த விதி மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

படியைப் பற்றிய பத்தியில் அதனால் தொகை மட்டும் போதாது. மொத்தமாகத் தருகிறோமா, பில்லைக் காட்டினால் தருகிறோமா, கிளம்புவதற்கு முன்பா, சேர்ந்த பிறகா, சம்பளத்தில் தவணையாகப் பிடித்துக்கொள்ளும் முன்பணம் உண்டா, ஓராண்டுக்குள் வேலையை விட்டால் திருப்பிக் கேட்போமா, இவையெல்லாம் அதில் வர வேண்டும். கடைசியில் சொன்னதைப் பலர் கணக்குத் தீர்க்கும் நாளில்தான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க மத்திய அரசு ஊழியரின் கணக்கு: அடிப்படைச் சம்பளம் 35,400 என்றால், 20 கிலோமீட்டருக்கு அப்பால் மாற்றலாகி வீடும் மாற்றுகிறவருக்கு அதில் 80 சதவீதம், அதாவது 28,320 ரூபாய் ஒரே தொகையாகக் கிடைக்கும். சாமான் ஏற்றிச் செல்லும் செலவும் பயணச் செலவும் அதற்கு மேல் தனி.

வருமான வரி விஷயத்திலும் ஒரு வார்த்தை. மாற்றலுக்காகத் தரும் தொகையில், பயணத்துக்கும் சாமானைக் கட்டி ஏற்றி அனுப்புவதற்கும் உண்மையில் செலவான அளவுக்கு வரி கிடையாது. புதிய வரி முறையிலும் இந்தச் சலுகை நீடிக்கிறது. செலவு போக மிஞ்சியது சம்பளமாகிவிடும். வீட்டுப் புரோக்கருக்குக் கொடுத்ததையும் பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைக் கட்டணத்தையும் கம்பெனி ஏற்றுக்கொண்டால் அதற்கும் வரி உண்டு. 27,900 வாங்குகிறவர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பெரிய சம்பளக்காரர் லாரிக்காரரிடம் ரசீது வாங்க மறந்தால் வருத்தப்படுவார்.

காரணத்துக்கு வருகிறேன். மூன்று வரியில் நான் உருப்படியாக எழுதியது அந்த ஒன்றைத்தான். காரணத்தை விளக்கி எழுதினால் கண்ணியமாக இருக்கும் என்று சில மேலாளர்கள் நினைக்கிறார்கள். "தங்கள் மீது வாடிக்கையாளர் புகார் வந்துள்ளதால்" என்று எழுதச் சொல்லி ஒருவர் என்னிடம் பிடிவாதம் பிடித்ததுண்டு. அப்படி எழுதினால் அது மாற்றல் ஆணையாக இருக்காது, விசாரணை இல்லாத தண்டனையாகிவிடும். சோமேஷ் திவாரி வழக்கில் நடந்தது அதுதான். போபாலில் இருந்த மத்திய கலால் துறை அதிகாரி அவர். பெயரில்லாத ஒரு புகாரை விசாரித்ததில் ஒன்றும் தேறவில்லை. ஆனாலும் அவரை ஷில்லாங்குக்கு மாற்றினார்கள். தண்டனைக்குப் பதிலாக மாற்றலைப் பயன்படுத்தக் கூடாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தனியார் துறையிலும், நிர்வாகக் கொள்கை என்ற போர்வையில் தொழிலாளரைக் கெட்ட எண்ணத்தோடு இடம் மாற்றுவது முறையற்ற தொழில் நடவடிக்கைகளின் பட்டியலில் இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் இருந்த அந்த வரி, 2020இன் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அப்படியே வந்திருக்கிறது.

அதற்காகப் பொய்க்காரணம் எழுதலாம் என்று இல்லை. "திருநெல்வேலி கிளையில் உதவியாளர் பணியிடம் காலியாக உள்ளதால்" என்று உள்ளதைச் சொன்னால் போதும். யாராவது சரிபார்த்தால் அங்கே காலியிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடிதத்தைக் கையில் வாங்குகிறவர் காரணத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிப்பார். நான் பார்த்தவரை யாரும் விலக்கில்லை. முதலில் பார்க்க வேண்டியது கடிதத்தின் தலைப்பை. தன்னை வேலைக்கு எடுத்த அதே நிறுவனமா, அதே முதலாளியின் இன்னொரு கம்பெனியா? ஊழியரின் சம்மதம் இல்லாமல் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது என்று 1989இல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அடுத்து நியமன ஆணையை எடுத்து, எந்தக் கிளைக்கும் மாற்றலாம் என்ற வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் இருக்கும்.

இருந்துவிட்டால், வீட்டில் வயதான அம்மா இருக்கிறார், பிள்ளை பத்தாம் வகுப்பு என்று மனு கொடுக்கலாம். ஆனால் மனு கொடுத்துவிட்டேன், பதில் வரட்டும் என்று வீட்டில் உட்காரக் கூடாது. அதே 1989இல் குஜராத் மின்வாரிய வழக்கில், மாற்றலை நிறுத்தி வைக்காதவரை போய்ச் சேர்ந்தாக வேண்டும், மனு நிலுவையில் இருப்பது சாக்காகாது என்று தீர்ப்பாயிற்று. சேராமல் இருந்த அந்த ஊழியருக்கு வேலை போனது நிலைத்தது. மனுவைக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டு, அங்கிருந்து நினைவூட்டுவதே வழி.

அந்த ஜூன் மாதத்துக்குப் பிறகு நான் எழுதிய கடிதங்கள் இப்படி இருந்தன:

"திருநெல்வேலி கிளையில் உதவியாளர் பணியிடம் காலியாக உள்ளதால் தாங்கள் அங்கு மாற்றப்படுகிறீர்கள். பொறுப்புகளை ஒப்படைத்த பின் தஞ்சாவூர் கிளை மேலாளர் தங்களை விடுவிப்பார். விடுவிப்புச் சீட்டில் தேதியும் முற்பகல் அல்லது பிற்பகல் என்பதும் குறிக்கப்படும். அதிலிருந்து 5 நாட்களுக்குள் பணியேற்க வேண்டும். இடைப்பட்ட நாட்கள் பணிக்காலமாகக் கருதப்படும். சம்பளம், பணிமூப்பு இவற்றில் மாற்றம் இல்லை. சாமான் மற்றும் பயணச் செலவு ரசீதுகளின் பேரில் ரூ.20,000 வரை வழங்கப்படும். அதில் பாதி, கிளம்பும் முன் முன்பணமாகத் தரப்படும். வீட்டு அட்வான்ஸுக்காக ரூ.40,000 வட்டியில்லாக் கடன் கோரலாம். பத்துத் தவணைகளில் பிடிக்கப்படும்."

இந்த வாசகத்துக்குக் கணக்குப் பிரிவில் ஒப்புதல் வாங்க எனக்கு நான்கு மாதம் பிடித்தது. ஐந்து நாளுக்குச் சம்மதித்தவர்கள் "பணிக்காலம்" என்ற ஒரு சொல்லுக்காகத்தான் மல்லுக்கு நின்றார்கள்.

அந்த மூன்று நாளில் இரண்டு நாள் சம்பளத்தை ஜூலையில் வாங்கிக் கொடுத்தேன். தஞ்சாவூர் மேலாளர் பழைய ஆள். கடிதம் கேட்காவிட்டாலும் ஒரு துண்டுச்சீட்டில் "விடுவிப்பு 12.5.2023 பிற்பகல்" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்திருந்தார். அதைப் பார்த்ததும் கணக்குப் பிரிவு மறுபேச்சில்லாமல் 1,800 ரூபாயைத் திருப்பித் தந்தது. சாமான் வண்டியோடு அவர் திருநெல்வேலிக்குப் போன 13ஆம் தேதிக்கு மட்டும் என் கடிதத்தில் எங்கும் இடம் இல்லை. அது அவருடைய தற்செயல் விடுப்பில் கழிந்தது.