கல்லூரிக் கட்டணத்துக்குச் சீட்டா, ஆர்.டி.யா?

மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு இன்னும் 20 மாதம் இருக்கிறது. ஒரு லட்சம் ரூபாய் தேவை. மாதம் 5,000 ரூபாய் ஒதுக்க முடியும். இந்த நிலையில் உள்ள குடும்பத்துக்கு இரண்டு யோசனை வரும். வங்கியில் ஆர்.டி. போடலாம், அல்லது ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டில் சேரலாம். ‘ஆர்.டி.யில் என்ன கிடைக்கும்? சீட்டில் கசர் கிடைக்குமே!’ என்று யாராவது சொல்வார்கள். அந்தக் கசர் யாருடைய பணம் என்று தெரிந்துகொண்டால் பாதித் தெளிவு வந்துவிடும்.

20 பேர் மாதம் 5,000 கட்டும் சீட்டை எடுத்துக்கொள்வோம். மாதந்தோறும் ஒரு லட்சம் சேரும். அவசரம் உள்ளவர் தள்ளி ஏலம் கேட்பார். முதல் மாதம் ஒருவர் 30,000 தள்ளி 70,000 எடுக்கிறார். தள்ளிய 30,000-இல் சீட்டு நடத்துபவரின் கமிஷன் 5,000 போக மீதி 25,000 கசர். அதை 20 பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 1,250. அந்த மாதம் எல்லோரும் 3,750 கட்டினால் போதும். மாதம் போகப்போக அவசரக்காரர்கள் குறைவார்கள், தள்ளும் குறையும். கடைசி மாதம் தள்ளு கமிஷன் அளவுக்கு, 5,000-க்கு வந்து நிற்கும். கடைசியாக எடுப்பவருக்கு 95,000 கிடைக்கும்.

தள்ளு இப்படிச் சீராக இறங்கினால் ஒவ்வொருவரும் கட்டும் மொத்தத் தொகை 87,500. கடைசியில் எடுத்தவருக்கு 7,500 லாபம். அதே தொகையை அதே மாதங்களில் 6.5 விழுக்காடு வட்டிக்குப் போட்டிருந்தால் சுமார் 92,000 ஆகியிருக்கும். ஆகவே சீட்டு முந்திவிட்டது, உண்மைதான். ஆனால் முதல் மாதம் 70,000 எடுத்தவரும் மொத்தம் 87,500 கட்டியிருக்கிறார். அவருக்கு அது நூற்றுக்கு மாதம் இரண்டேகால் வட்டிக்கும் மேல் போகும் கடன். கடைசி ஆளின் லாபம் அவர் பையிலிருந்து வந்தது. வெளியிலிருந்து ஒரு ரூபாய்கூட இதில் சேரவில்லை. கமிஷன் மட்டும் 20 மாதத்தில் ஒரு லட்சம் வெளியே போயிருக்கிறது.

அதே சீட்டில் அவசரக்காரர்கள் குறைவாக இருந்தால்? முதல் மாதத் தள்ளு 20,000-தான், மாதம் 1,500 வீதம் இறங்கி, பதினோராம் மாதத்திலேயே 5,000-க்கு வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஒவ்வொருவரும் கட்டுவது 95,875. கடைசியில் எடுப்பவர் கையில் வருவது 95,000. இருபது மாதம் பொறுமையாகக் காத்திருந்தவருக்கு 875 ரூபாய் நஷ்டம்! ஆர்.டி.யில் அதே பணம் 1,01,000-ஐத் தாண்டியிருக்கும். சேரும்போது எந்தக் கணக்கு நமக்கு வாய்க்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, நடத்துபவராலும் முடியாது. ‘போன சீட்டில் இவ்வளவு கசர் வந்தது’ என்பது போன சீட்டின் கதை.

இன்னொன்றும் இருக்கிறது. கல்லூரிக் கட்டணத்துக்குத் தேதி உண்டு. அந்த மாதம் சீட்டை எடுத்தே தீர வேண்டும். பள்ளி, கல்லூரி திறக்கும் பருவத்தில் அதே அவசரத்தோடு வேறு பெற்றோரும் ஏலத்துக்கு வருவார்கள். தள்ளு ஏறும். சேமிப்பவராகச் சேர்ந்த நீங்கள் அந்த மாதம் கடன்காரர் போலத் தள்ளிக் கேட்க வேண்டியிருக்கும். ஆர்.டி.யில் முதிர்வுத் தொகை சேரும் நாளிலேயே தெரியும். மாதம் 5,000 வீதம் 20 மாதம், 6.5 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 1,05,800. நடுவில் பணம் தேவைப்பட்டால் கணக்கின் பேரில் கடன் வாங்கலாம், அல்லது வட்டியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து முடித்துக்கொள்ளலாம்.

பாதுகாப்பு விஷயத்தில் பலரும் கவனிக்காத ஒன்று: சீட்டில் நீங்கள் கட்டிய பணம் நடத்துபவரின் பெட்டியில் இருப்பதில்லை. அது மாதாமாதம் சீட்டு எடுத்தவர்களிடம் போய்விடுகிறது. பத்தாம் மாதம் முடியும்போது, நம் முதல் கணக்கின்படி, இன்னும் எடுக்காத பத்துப் பேர் ஆளுக்கு 40,000-க்கு மேல் கட்டியிருப்பார்கள். அந்த நாலு லட்சம் திரும்ப வர வேண்டுமென்றால், எடுத்த பத்துப் பேரும் மீதி மாதங்களைக் கட்ட வேண்டும். எனவே சீட்டு எடுப்பவரிடம் ஜாமீன்தாரர், சம்பளச் சான்று, சொத்துப் பத்திரம் என்று கறாராகக் கேட்கும் நிறுவனத்தின்மேல் எரிச்சல்பட வேண்டாம். அந்தக் கறார்தான் உங்கள் பணத்துக்குக் காவல். ‘நம்ம ஆள்தானே’ என்று வெறுங்கையெழுத்தில் பணம் தருகிற இடத்தில்தான் பயப்பட வேண்டும்.

1982-ஆம் ஆண்டின் மத்தியச் சீட்டு நிதிச் சட்டப்படி அரசின் முன் அனுமதி இல்லாமல் சீட்டு நடத்துவது குற்றம். நடத்துபவர் சீட்டுத் தொகைக்குச் சமமான பிணையைக் கட்டிவைக்க வேண்டும். கமிஷன் 7 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் இது 5-ஆக இருந்தது. தகராறு வந்தால் உரிமையியல் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதில்லை, சீட்டுப் பதிவாளரே விசாரித்துத் தீர்ப்பளிப்பார். இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள். ஆனால் அந்தப் பிணை ஒரு மாதச் சீட்டுத் தொகை மட்டுமே. நம் உதாரணத்தில் நாலு லட்சம் நிலுவைக்கு ஒரு லட்சம். நிறுவனமே நொடித்தால் அது எல்லோருக்கும் போதாது.

பதிவில்லாத தெருச் சீட்டுக்கு இந்த அரைக் காவலும் கிடையாது. கையில் இருப்பது ஒரு நோட்டும் மூன்று பேர் சாட்சியும்தான். நடத்துபவர் ஊரை விட்டுப் போனால் காவல் நிலையம், பொருளாதாரக் குற்றப்பிரிவு என்று வருடக்கணக்கில் நடக்க வேண்டும். பத்து வருடப் பழக்கம் என்பது பாதுகாப்பு ஆகாது. இத்தனை சீட்டு இழுத்தவர் ஒரே ஒரு சீட்டில் சறுக்கினாலும் அதில் உங்கள் பெயர் இருக்கலாம்.

வங்கி ஆர்.டி.க்கு வைப்புத்தொகைக் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி முதல், ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பு. வங்கிக்கு ரிசர்வ் வங்கி பணம் எடுக்கத் தடை விதித்தாலும் 90 நாளுக்குள் அந்தத் தொகை கைக்கு வர வேண்டும் என்று 2021-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். நகரக் கூட்டுறவு வங்கிகளும் இதில் அடங்கும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கமும் ‘நிதி’ கம்பெனியும் அடங்காது. அவற்றின் பாஸ்புத்தகத்திலும் ஆர்.டி. என்றே எழுதியிருக்கும், எனவே கணக்குத் தொடங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். அஞ்சலக ஆர்.டி.க்கு அரசே பொறுப்பு. ஆனால் அது ஐந்து வருடத் திட்டம், 20 மாதத் தேவைக்குப் பொருந்தாது.

என் கருத்து இது. தேதி தெரிந்த செலவுக்கு, அந்தத் தேதிவரை பணத்தைத் தொட வேண்டாம் என்றால், ஆர்.டி.தான். நடுவில் கட்டாயம் பணம் தேவைப்படும், இல்லாவிட்டால் மூன்று வட்டிக்கோ ஐந்து வட்டிக்கோ வாங்க நேரும் என்ற நிலையில் உள்ளவருக்குப் பதிவு பெற்ற சீட்டு உதவும், ஏனென்றால் அவர் அதைக் கடனாகத்தான் பயன்படுத்தப் போகிறார். அப்படிச் சேர்வதாக இருந்தால், முதல் தவணை கட்டுமுன் நிறுவனத்திடம் இரண்டு தாள்களைக் காட்டச் சொல்லுங்கள்: அந்தக் குறிப்பிட்ட சீட்டுக்கான முன் அனுமதி ஆணை, தொடக்கச் சான்றிதழ். இரண்டிலும் உள்ள எண்ணை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.