வினா அட்டைகள்: டூ, டஸ், டிட் பழக ஒரு குழு விளையாட்டு



நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் பயிலும் உங்கள் பிள்ளையிடம், 'ஆமினா நேற்றுக் கடைக்குப் போனாளா?' என்பதை ஆங்கிலத்தில் கேட்கச் சொல்லிப் பாருங்கள். 'ஆமினா வென்ட்?' என்றோ, 'டிட் ஆமினா வென்ட்?' என்றோ பதில் வரக்கூடும். பிள்ளை கவனமின்றிச் சொன்னதாக எண்ணிவிடாதீர்கள். இப்பிழைக்குத் தாய்மொழியிலேயே ஒரு காரணம் இருக்கிறது.

தமிழில் 'போனாள்' என்பதன் இறுதியில் 'ஆ' சேர்ந்தால் 'போனாளா' என்று வினா பிறந்துவிடுகிறது. வினைச்சொல்லின் காலம் அப்படியே நிற்கிறது. ஆங்கிலத்திலோ டிட் என்னும் துணைவினை முன்னே வந்து காலத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது. சுமையை இறக்கிவிட்ட 'வென்ட்', 'கோ' என்னும் மூல வடிவுக்குத் திரும்புகிறது. அவ்வாறே 'கோஸ்' என்பதன் ஈற்று ஒலி டஸ் என்பதற்குள் போய்விடுகிறது. ஆக, ஒரு வினாவுக்கு இரண்டு செயல்கள் தேவை: சரியான துணைவினையைத் தேர்தல்; வினைச்சொல்லை மூல வடிவுக்குத் திருப்புதல். இவ்விரண்டையும் தனித்தனியே பழக்குவதே இங்கு நான் கூறும் விளையாட்டு.

ஐந்து பிள்ளைகள் ஒரு குழு. பழைய திருமண அழைப்பிதழ்களின் எழுத்தில்லாப் பகுதியை வெட்டி, 20 வாக்கிய அட்டைகள் செய்துகொள்ளுங்கள். முன்புறம் ஒரு சாதாரண வாக்கியம். பின்புறம் அதற்குரிய வினா. டூ வருவன 6, டஸ் வருவன 7, டிட் வருவன 7 எனப் பிரித்தெழுதி, நன்கு கலைத்துவிடுங்கள். மேலும், ஒவ்வொரு பிள்ளைக்கும் டூ, டஸ், டிட் என்றெழுதிய மூன்று சிறு அட்டைகள் வேண்டும்.

ஒருவர் நடுவராக அமர்ந்து மேலட்டையை எடுத்து, 'ஆமினா வென்ட் டு த மார்க்கெட் யெஸ்டர்டே' என்று வாசிக்கிறார். மற்ற நால்வரும் தத்தம் சிறு அட்டை ஒன்றைக் கவிழ்த்து வைக்க வேண்டும். நடுவர் சொன்னதும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். அதனால் ஒருவரைப் பார்த்து மற்றவர் வைக்க முடியாது. பிறகு, முறை வந்த பிள்ளை முழு வினாவையும் சொல்லவேண்டும்: 'டிட் ஆமினா கோ டு த மார்க்கெட் யெஸ்டர்டே?' நடுவர் பின்புறம் பார்த்து ஒப்பிடுவார். சரியெனில் அட்டை அப்பிள்ளைக்கு உரியது. அடுத்திருப்பவர், 'யெஸ், ஷீ டிட்' என்று விடை சொல்லவேண்டும். தவறெனில் நடுவர் சரியான வினாவை வாசித்துவிட்டு, அட்டையைக் கட்டின் அடியில் வைப்பார். அது மீண்டும் வரும். நான்கு அட்டைகளுக்கொரு முறை நடுவர் மாறுவார். எனவே ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது நான்கு வினாக்கள் கேட்கும்.

இப்போது உற்றுக் கவனிக்க வேண்டியது ஆசிரியரின் பணி. ஒரு பிள்ளை டிட் அட்டையைச் சரியாக வைத்துவிட்டு, 'டிட் ஆமினா வென்ட்' என்றால், அதற்குக் காலம் தெரியும். மூல வடிவுக்குத் திருப்புவதே வரவில்லை. 'மை பிரதர்ஸ் பிளே கிரிக்கெட்' என்னும் அட்டைக்கு டஸ் வைத்தால், பிழை வேறு. 'பிரதர்ஸ்' என்பதன் இறுதி ஒலியை அது ஒருமை வினையின் அடையாளமாக எண்ணிவிட்டது. பெயரோடு சேர்ந்தால் பன்மை, வினையோடு சேர்ந்தால் ஒருமை என்பதை இரண்டு அட்டைகளை அருகருகே வைத்துக் காட்டினால் போதும். ஒரு தாளில் இரு பத்திகள் இட்டு, இவ்விரு வகைப் பிழைகளையும் குறித்து வந்தால், மறுநாள் எதைக் கற்பிப்பது என்பது தானே விளங்கும்.

அட்டை எழுதும்போது சில சொற்களை விலக்குங்கள். 'புட்' என்பது இறந்த காலத்திலும் 'புட்' என்றே இருப்பதால் மாற்றம் புலப்படாது. 'ஈஸ்', 'ஆர்', 'கேன்' வரும் வாக்கியங்களுக்கு டூ தேவையில்லை. 'ஐ' என்று தொடங்கினால் வினாவில் 'யூ' என மாற்ற வேண்டியிருக்கும். அதைப் பிற்பாடு சேர்க்கலாம். 'ஹூ கேம்?' போன்ற வினாக்களில் துணைவினையே வராது. அவற்றை இவ்விளையாட்டால் பழக்க இயலாது.

வீட்டில் மூவர் இருந்தாலும் ஆடலாம். உம்மா நடுவராக இருந்து வாசிக்க, பிள்ளைகள் இருவரும் மாறி மாறிக் கேட்கட்டும். உம்மாவுக்கு ஆங்கில இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தால் போதும். விடைதான் அட்டையின் பின்புறத்தில் இருக்கிறதே!