ஆசிரியர் அறையில் எட்டுப் பெயர்கள்

ஜூன் மாதத்தில் வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வரும் ஓர் ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். தலைமையாசிரியர் அவரை ஆசிரியர் அறைக்கு அழைத்துப் போகிறார். எட்டுப் பேர் வரிசையாகப் பெயரையும் பாடத்தையும் சொல்கிறார்கள். மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது கணக்கு யார், தமிழ் யார் என்பதெல்லாம் தெரிகிறது. பெயர்கள்தான் இரண்டுகூடத் தேறவில்லை.

இதற்கு மறதியைக் குறை சொல்லிப் பயனில்லை. 1987-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், அறிமுகமில்லாத முகங்களைப் படத்தில் காட்டி ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரும் ஒரு தொழிலும் சொன்னார்கள். தொழில் நினைவில் நின்றது, பெயர் நழுவியது. 'பேக்கர்' என்ற ஒரே சொல்லைத் தொழிலாகச் சொன்னபோது பிடித்துக்கொண்டவர்கள், அதையே பெயராகச் சொன்னபோது தவறவிட்டார்கள். ரொட்டி சுடுபவர் என்றதும் மாவு, அடுப்பு, வாசனை என்று பற்றிக்கொள்ளப் பல கிளைகள் கிடைக்கின்றன. பெயருக்கு அப்படி எதுவும் இல்லை. தாமரை என்று ஒருவர் சொன்னால் பூ மனதில் வரும்தான். ஆனால் அந்தப் பூவுக்கும் எதிரே கண்ணாடி போட்டு நிற்பவரின் முகத்துக்கும் என்ன ஒட்டு?

இன்னொரு காரணமும் உண்டு. வட்டமாக உட்கார்ந்து முறைவைத்து வாசிப்பவர்களை 1973-இல் மால்கம் பிரென்னர் என்ற உளவியலாளர் சோதித்தார். தங்கள் முறை வருவதற்குச் சற்று முன்னும் பின்னும் மற்றவர்கள் வாசித்ததுதான் அவர்களுக்கு அதிகம் மறந்துபோயிருந்தது. நம் ஆசிரியையும் 'நான் என்ன சொல்லிக்கொள்வது' என்ற யோசனையில் இருந்தார். பக்கத்தில் நின்றவரின் பெயர் காதில் விழுந்ததே தவிர உள்ளே போகவில்லை.

எனவே முதல் வேலை, பெயரை உள்ளே வாங்குவது. அதற்குப் பெயரைப் பற்றியே ஒரு கேள்வி போதும். "கலையரசியா, கலைச்செல்வியா டீச்சர்?" என்று கேட்டால் அவர் இன்னொரு முறை சொல்வார், நாமும் ஒருமுறை சொல்லியிருப்போம். இனிஷியல் கேட்பதும் நம்மிடம் சகஜம்தான். சரியாகக் காதில் விழாத பெயருக்குத் தலையாட்டிவிடுவதுதான் பின்னால் வரும் தர்மசங்கடத்துக்கு விதை.

அடுத்தது, யாரும் சொல்லாமல் நாமே அதை மனதிலிருந்து எடுத்துப் பார்ப்பது. கேட்டதைத் தொடர்ந்து முணுமுணுப்பதைவிட, சிறிது இடைவெளி விட்டு நினைவுகூர்வது பலன் தரும். இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் பெயர்கள் நன்றாக நிற்கின்றன என்று லாண்டவர், பியார்க் இருவரும் 1978-இல் காட்டினார்கள். நம் ஆசிரியை அறையை விட்டு வெளியே வந்ததும் ஜன்னலோரம் இருந்தவர் யார் என்று யோசிக்கலாம். முதல் பீரியட் முடிந்ததும் ஒருமுறை, சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை, பேருந்தில் போகும்போது ஒருமுறை, மறுநாள் படியேறும் முன் ஒருமுறை. வராத பெயரை வருகைப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் யோசித்துப் பார்த்த பிறகுதான். முதலிலேயே பதிவேட்டைப் பார்த்துவிட்டால் தெரிந்துவிட்டதுபோல் தோன்றும், ஆள் எதிரே வரும்போது வாய் வராது. ஒரே நாளில் எட்டும் வேண்டியதில்லை. மூன்று பேரை முதலில் பிடித்தால் மற்றவர்களை அவர்களே பேச்சில் பெயர் சொல்லிக் காட்டிவிடுவார்கள்.

பயன்படுத்துவதில்தான் சிக்கல். வாக்கியத்துக்கு வாக்கியம் பெயரைச் சொல்லிப் பேசு என்கிற விற்பனையாளர் பாடம் நம் ஊரில் கடன் அட்டை விற்கக் கூப்பிடுபவர்களைத்தான் நினைவுபடுத்துகிறது. அதிலும் வயதில் மூத்தவரை வெறும் பெயரால் கூப்பிட நமக்கு நாக்கு எழாது. "வணக்கம் முருகேசன் சார்" என்று காலையில் ஒருமுறை, நாலு பேர் இருக்கும்போது "தாமரை டீச்சர், இந்த மார்க் லிஸ்ட் உங்களதா?" என்று ஒருமுறை, அவ்வளவு போதும். எல்லாவற்றிலும் இயல்பானது, ஆள் இல்லாத இடத்தில் பெயர் சொல்வது. "லேப் சாவியைத் தாமரை டீச்சர்கிட்ட குடுத்துட்டேன்" என்னும்போது பழக்கமும் ஆகிறது, தவறாகச் சொன்னால் கேட்பவர் திருத்தியும் விடுவார்.

'மேத்ஸ் சார்', 'சயின்ஸ் மிஸ்' என்று கூப்பிடும் பழக்கம் ஒரு பொறி. அதை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பெயர் தெரியாமலே ஓட்டிவிடலாம். ஒருநாள் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய்க் கவர் எழுதும்போதுதான் பேனா நிற்கும்.

மறந்துவிட்டால் முதல் வாரத்தில் கேட்பதில் கூச்சமே வேண்டாம்: "சார், உங்க பேர் நினைவுக்கு வர மாட்டேங்குது, இன்னொரு தடவை சொல்லுங்க." "நீங்களே உங்க பேரைப் போட்டு நம்பரை சேவ் பண்ணுங்க" என்று போனை நீட்டும் தந்திரம் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. மாதங்கள் கடந்துவிட்டால் அவரிடம் போக வேண்டாம், பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம்.